செலவுத் தொகை கேட்கும் கடிதம்: பொருளாளருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

நம் டிரஸ்ட் சார்பில் ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலிக்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும் தொண்டர்கள், திரும்பி வந்ததும் ரசீதுகளை ஒரு கடிதத்துடன் இணைத்துத் தருகிறார்கள். பொருளாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பணம் கிடைக்கும். கடிதம் தெளிவாக இல்லாவிட்டால், கைப்பணத்தைப் போட்டவர்தான் காத்திருக்க வேண்டும்.

கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"நோயாளியைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்ற வகையில் ரூ. 4,312 செலவாயிற்று. ரசீதுகள் இணைத்துள்ளேன். முன்பணம் போக மீதியைத் தந்து உதவவும்."

மரியாதையான கடிதம்தான். ஆனால் ரசீதுகளைக் கூட்டினால் கார் வாடகை 1,600, ஸ்கேன் 1,850, மருந்துக்கடை 742, ஆக 4,192 மட்டுமே வருகிறது. மீதி 120 ரூபாய் எதற்கு? மருந்துக்கடை பில்லில் 92 ரூபாய்க்கு சோப்பும் பிஸ்கட்டும் இருக்கிறதே, அது யாருக்கு வாங்கியது? முன்பணம் எவ்வளவு? மூன்றுக்கும் தொண்டரைப் போனில் பிடித்தாக வேண்டும்.

அதே கடிதத்தை மாற்றி எழுதினால்:

"மனு எண் 27. பயண நாள் 18.6.2025. பொது நிதி.
எனக்கு வர வேண்டியது ரூ. 1,220.
1. கார் வாடகை, போக வர: 1,600
2. ஸ்கேன்: 1,850
3. மருந்து: 650 (பில் 742, என் சொந்தப் பொருள் 92 கழித்தது)
4. நோயாளிக்கும் எனக்கும் காலை உணவு: 120 (பில் இல்லை, வவுச்சரில் கையெழுத்திட்டுள்ளேன்)
மொத்தம் 4,220. பெற்ற முன்பணம் 3,000. மீதி 1,220."

கேட்கும் தொகை மேலேயே இருக்கிறது. 1 முதல் 4 வரையுள்ள எண்களை அந்தந்த ரசீது, வவுச்சர் மூலையிலும் பேனாவால் எழுதி, அதே வரிசையில் தாள்களில் ஒட்டிவிட்டால், பொருளாளர் ஒரு விரலைக் கடிதத்திலும் ஒரு விரலை ரசீதிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். பில் தொகையும் கேட்கும் தொகையும் வேறுபடும் இடத்தில்தான் சந்தேகம் வரும். காரணத்தை அந்த வரியிலேயே எழுதுங்கள். கடிதத்தின் அடியில் குறிப்பாகப் போட்டால் கண்ணில் படாது. பில் இல்லாத செலவை வேறொன்றில் சேர்த்து மறைக்க வேண்டியதில்லை. தனி வரியாகக் காட்டினால், அனுமதிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

நிதியின் பெயர் அவசியம். ஜகாத் கணக்கு தனிப் பேரேட்டில் இருக்கிறது. தொண்டரின் காலை உணவு தவறியும் அதில் ஏறிவிடக் கூடாது. நோயாளியின் பெயர், நோய் விவரம் வேண்டாம். இந்தக் கடிதம் ஆடிட்டர் வரை போகும். மனு எண் போதும்.

இன்னொன்று: ஸ்கேன் மையம், மருந்துக்கடைகளில் மெஷினில் வரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்துக் கொடுங்கள். எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் மறையும். ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள்.