நூறு குண்டாவில் ஒரு மாடு, ஒரு குட்டை

ஒருங்கிணைந்த பண்ணையம் என்றதும் எல்லாப் பிரசுரங்களிலும் ஒரே படம்தான். நடுவில் குளம், சுற்றிலும் வயல், மாடு, கோழி, எருக்குழி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் ஊர்களில் பிறந்த படம் அது. சீனத்தின் முத்து நதிக் கழிமுகத்தில் குளக்கரையில் மல்பெரி வளர்த்தார்கள். பட்டுப்புழுவின் கழிவு மீனுக்கு, குளத்துச் சேறு மல்பெரிக்கு. நம் காவிரிப் படுகையிலும் அந்தப் படம் பொருந்தும். புணேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் கிழக்கே போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

புணே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் சஹ்யாத்ரி மலை மழையை அள்ளிக் கொட்டுகிறது. மலையின் மழைமறைவில் கிடக்கும் பாராமதி, இந்தாப்பூர் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் வந்தால் பெரிது. கால்வாய் எட்டும் இடத்தில் கரும்பு, எட்டாத இடத்தில் சோளம். கால்வாய் எட்டாத ஒரு ஹெக்டேரில் அந்த அம்புக்குறிப் படம் நிற்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே நிலத்தைக் குண்டாவில்தான் அளப்பார்கள். ஏக்கருக்கு 40 குண்டா என்பதால் ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட 100 குண்டா. சதவீதக் கணக்குக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது.

முதலில் குட்டை. மகாராஷ்டிர அரசு 2016-இல் கொண்டுவந்த பண்ணைக்குட்டைத் திட்டத்துக்குப் பிறகு 30 மீட்டருக்கு 30 மீட்டர், 3 மீட்டர் ஆழக் குட்டை இங்கே பலருக்கும் ஆசை. பக்கங்களை 45 பாகைச் சரிவாக வெட்டினால் அதில் 22 லட்சம் லிட்டர் பிடிக்கும். பிடிக்க வேண்டிய தண்ணீர் எங்கே? 500 மில்லிமீட்டர் மழையில் ஒரு ஹெக்டேரில் விழுவது 50 லட்சம் லிட்டர். அதில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு வழிந்தோடும் என்று வைத்தால் ஏழரை லட்சம் லிட்டர் தேறும். ஆகவே பெரிய குட்டையை நிரப்பக் கிணற்றில் மோட்டார் போடுவார்கள். நிலத்தடியில் நிழலில் கிடந்த தண்ணீரை மேலே ஏற்றி வெயிலில் காயவைப்பதற்குப் பெயர் நீர்ச் சேமிப்பு!

சொந்த மழைக்குப் பொருந்துவது 20-க்கு 20 குட்டைதான். 8.76 லட்சம் லிட்டர் கொள்ளளவு. வழிந்து வருவதோடு குட்டையின்மேல் நேராக விழும் மழையும் சேர்ந்தால், சுமாரான ஆண்டிலும் நிரம்பிவிடும். கரையையும் சேர்த்து 6 குண்டா போகும். இதில் மீனுக்கென்று அடியில் 1.2 மீட்டர் தண்ணீரைத் தொடாமல் வைக்க வேண்டும். அது சுமார் 2.8 லட்சம் லிட்டர். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஆவியாகப் போவது ஏறத்தாழ 2.5 லட்சம். பயிருக்கு மிஞ்சுவது மூன்றரை லட்சம் லிட்டர்.

ஒரு குண்டாவுக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 5,000 லிட்டர் வேண்டும். ஆக 50 குண்டாவில் ரபி சோளத்துக்கு ஒரே ஒரு தண்ணீர், கதிர் பொதியில் இருக்கும்போது. மிச்சம் ஒரு லட்சம் லிட்டர் 8 குண்டா தீவனப்புல்லுக்கு. மீதி நிலத்தில் 20 குண்டா மானாவாரிக் கம்பும் துவரையும், 14 குண்டா சீத்தாப்பழம், 2 குண்டாவில் தொழுவமும் எருக்குழியும்.

சோளம் இங்கே மனிதருக்கு மட்டுமான பயிரல்ல. மால்தண்டி சோளத்தை இன்னும் பலர் விடாமல் விதைப்பதற்கு அதன் தட்டையும் ஒரு காரணம். கட்பா என்று பெயர். கட்டுக்கட்டாகப் போர் போட்டுக் கோடை முழுக்க மாட்டுக்கு வைப்பார்கள். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ உலர்தீவனக் கணக்கில் ஆண்டுக்கு நாலரை டன் ஆகும். 50 குண்டாவின் கட்பா இரண்டு, இரண்டரை டன். புல்லில் ஒரு டன். கம்பந்தட்டை, துவரைப் பொட்டு, வரப்புப் புல்லில் இன்னொரு டன். ஒரு மாட்டுக்குச் சரியாகப் போகும். இந்த ஹெக்டேர் வளர்ப்பது ஒரே ஒரு பசுவை.

அந்தப் பசு நாளுக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். படத்தில் தொழுவத்திலிருந்து குளத்துக்குத் தடித்த அம்புக்குறி இருக்குமே, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கெண்டை மீன் குளத்துக்குச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பத்து டன் சாணம். நம் 20-க்கு 20 குட்டைக்கு அது ஆண்டுக்கு 400 கிலோ. நாளுக்கு ஒரு கிலோவும் சற்று மேலும். ஒரு கூடையை அப்படியே கவிழ்த்தால் போச்சு. சாணத்தை மீன் நேராகத் தின்பதில்லை. சாணம் பாசியையும் நுண்ணுயிர்களையும் வளர்க்க, மீன் அவற்றைத் தின்கிறது. பாசி பகலில் பிராணவாயு விடும், இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். பாசி மிகுந்தால் விடிவதற்குள் தண்ணீரில் காற்று தீர்ந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் அதுதான். மேகம் மூடி வெயிலே தலைகாட்டாத நாட்களில் சாணத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

சாணம் மிகுந்ததா, குறைந்ததா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. மணிக்கட்டு நனைந்ததுமே மறைந்துவிட்டால் சாணம் அதிகம். தோள் வரை விட்டும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றலாம்.

இங்குள்ள குட்டைகளில் நீர் கசியாமல் பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்கள். சேறே இல்லாத குட்டையில் அடியில் மேயும் மிர்கால் மீனுக்கு என்ன இருக்கிறது? விரிப்பின்மேல் ஒரு சாண் மண் பரப்பினால் கொஞ்சம் தேறும். விரிப்பில் கால் வைத்தால் வழுக்கும், விழுந்தவர் ஏறி வர முடியாது. உயிர்கள் போயிருக்கின்றன. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைத் தொங்கவிடுவது குட்டை வெட்டும் செலவிலேயே சேர வேண்டும். பிப்ரவரிக்குமேல் மீனுக்குப் போதுமான தண்ணீர் நிற்காது என்பதால் குஞ்சு விட்டுக் காத்திருக்கவும் முடியாது. 100 கிராம் வளர்ந்த கட்லா, ரோகு, மிர்கால் 200-ஐச் செப்டம்பரில் விட்டு, பிப்ரவரியில் 80 கிலோ எடுத்தால் நல்ல ஆண்டு.

மீதிச் சாணம் எருக்குழிக்கு. மாட்டிடமிருந்து வெளியேறும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி மூத்திரத்தில் இருக்கிறது. கல் பாவிய தொழுவத்தில் அது ஓடிப்போய்விடும். மாடு கழித்த தட்டையைப் பரப்பி அதை உறிஞ்சவிட்டால்தான் எருவுக்கு வலு. இந்த மாநிலத்தின் நாராயண் தேவ்தாவ் பாண்டரிபாண்டே வகுத்த நாடெப் தொட்டி நல்ல முறைதான்: பக்கங்களில் துளை விட்டுக் கட்டிய செங்கல் தொட்டியில் 100 கிலோ சாணம், ஒன்றரை டன் கழிவு, ஒன்றேமுக்கால் டன் மண். மூன்று, நான்கு மாதத்தில் மூன்று டன் எரு என்பார்கள். அதில் பாதிக்குமேல் நீங்கள் போட்ட மண் என்பதை மறக்கக் கூடாது. குவியலில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து எடுத்துப் பாருங்கள். கம்பி சுட்டால் வேலை நடக்கிறது. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது, இலைதழை போதவில்லை. அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம்.

ஒரு பசுவின் ஐந்தரை டன் சாணம் மட்கி முடியும்போது பாதியாகிவிடும். ஹெக்டேருக்கு ஐந்து டன் தொழுவுரம் என்ற அளவில் அது 50 குண்டா சோளத்துக்குப் போகும். பிப்ரவரியில் குட்டையின் அடிச்சேறு சீத்தாவுக்கு. மற்ற குண்டாக்களுக்கு எரு வேண்டும், பாலும் கூட வேண்டும் என்று இரண்டாவது பசுவை வாங்கினால் அதற்கான நாலரை டன் தீவனம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆலை ஓடும் மாதங்களில் கரும்புத் தோகைக் கட்டுகள் சாலையோரம் விற்பனைக்கு வரும். அந்தத் தோகை, கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த யாரோ ஒருவருடைய வயலில் விளைந்தது.