எந்த வழியில் வந்தவர் அதிக நாள் தங்குகிறார்?

மாணவர்களே, தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போயிருப்பீர்கள். பலகாரக் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே ஒரு சிறிய கூடாரம். "மாணவர் மாத இதழ், முதல் மாதம் இலவசம்" என்று ஒரு பலகை. நின்றவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே இதழுக்குக் கிள்ளானிலும் வாசகர்கள் சேர்கிறார்கள். அங்கே கூடாரமும் இல்லை, இலவசமும் இல்லை. ஏற்கெனவே படிக்கும் ஒருவர் தம் நண்பரிடம் சொல்ல, அவர் பணம் கட்டிச் சேருகிறார்.

இந்த இதழ் நாம் கணக்குப் பார்ப்பதற்காகக் கற்பனை செய்துகொண்ட இதழ்தான். ஆனால் அதை நடத்துபவரின் கேள்வி உண்மையானது. தொலைக்காட்சிச் சந்தா, இணையச் சேவை, டியூஷன் வகுப்பு என்று மாதாமாதம் பணம் வாங்கும் யாருக்கும் இந்தக் கேள்வி உண்டு: எந்த வழியில் வந்தவர்கள் அதிக நாள் தங்குகிறார்கள்? அடுத்த ஆண்டு பணத்தைக் கூடாரத்தில் போடுவதா, வேறு எதிலாவது போடுவதா என்பது இதன் விடையைப் பொறுத்தது.

கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு வழியிலும் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுக்கும் நாள் ஜூலை மாதக் கடைசி. கூடாரத்தில் சேர்ந்த பத்துப் பேரும் அக்டோபர் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள். அவர்களில் 4 பேர் இன்னும் படிக்கிறார்கள். கிள்ளானில் நண்பர் சொல்லிச் சேர்ந்த பத்துப் பேரில் 7 பேர் இருக்கிறார்கள். மூன்றாவதாக, ஜூன் மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் போனது. அதைப் பார்த்துச் சேர்ந்த பத்துப் பேரில் 8 பேர் இருக்கிறார்கள்.

40 விழுக்காடு, 70 விழுக்காடு, 80 விழுக்காடு. அப்படியானால் வாட்ஸ்அப்தான் முதலிடமா? அவசரப்படாதீர்கள். வாட்ஸ்அப் வாசகர்கள் வந்து இரண்டே மாதம்தான் ஆகிறது. கூடாரத்து வாசகர்களோ பத்து மாதத்தைக் கடந்திருக்கிறார்கள். ஒன்றாம் படிவ மாணவரையும் ஐந்தாம் படிவ மாணவரையும் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று கேட்பது போன்றது இது. ஒப்பிடுவதென்றால் ஒரே வயதில் ஒப்பிட வேண்டும்.

"சரி, விலகியவர்களை மட்டும் எடுத்து, சராசரியாக எத்தனை மாதம் இருந்தார்கள் என்று பார்க்கலாமே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கிள்ளானில் விலகிய மூவரும் 2, 5, 8 மாதங்கள் இருந்தவர்கள். சராசரி 5 மாதம். ஆனால் இந்தக் கணக்கு, விலகாமல் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஏழு பேரையும் அப்படியே தூக்கி எறிந்துவிடுகிறது. நல்ல வாசகர்களை எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்களை மட்டும் எண்ணினால் விடை குறைவாகத்தான் வரும்.

சிக்கலின் வேர் இதுதான். இன்னும் படிப்பவர் எத்தனை மாதம் இருப்பார் என்பது நமக்குத் தெரியாது. குறைந்தது இத்தனை மாதம் இருந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். இவர்களைக் 'கதை முடியாதவர்கள்' என்று அழைப்போம். இவர்களை விலகியவர்களாகவும் எண்ணக்கூடாது. கணக்கிலிருந்து நீக்கவும் கூடாது.

இதற்கு வழி சொன்னவர்கள் இருவர். எட்வர்ட் கப்லான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்பது அவர் கவலை. பால் மையர் புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாயும் நோயாளியும் வேறு வேறு. ஆனால் இருவர் மேசையிலும் இருந்தது கதை முடியாதவர்களின் பட்டியல். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958இல் வெளிவந்தது. அந்த முறைக்குக் கப்லான்-மையர் என்றே பெயர். இன்று மருத்துவ ஆய்வுகளில் படிக்கட்டு போல இறங்கும் கோடு ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலும் அது இவர்களுடையதுதான்.

முறை நீங்கள் நான்காம் படிவத்தில் படிக்கும் நிகழ்தகவுப் பெருக்கல்தான். எட்டு மாதம் தங்குவதற்கு முதலில் இரண்டாம் மாதத்தைத் தாண்ட வேண்டும்; தாண்டியவர் ஐந்தாம் மாதத்தைத் தாண்ட வேண்டும்; பிறகு எட்டாம் மாதத்தை. யாராவது விலகும் ஒவ்வொரு மாதத்திலும், அந்த நேரத்தில் உண்மையாகவே கணக்கில் இருப்பவர்களில் எத்தனை பங்கு தாண்டினார்கள் என்று பார்த்து, அந்தப் பங்குகளைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

கிள்ளான் பத்துப் பேருக்கு இதைச் செய்து பார்ப்போம். ஒரு தாளை எடுத்துக் கிடைக்கோட்டில் மாதங்களையும் நிலைக்கோட்டில் விழுக்காட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கம் 100. இரண்டாம் மாத முடிவில் ஒருவர் விலகினார். பத்தில் ஒன்பது பேர் தாண்டினார்கள். கோடு 90க்கு இறங்குகிறது.

இவர்களில் மூவர் மே மாதத் தொடக்கத்தில்தான் சேர்ந்தவர்கள். ஜூலைக் கடைசியில் அவர்களுக்கு மூன்று மாதம்தான் முடிந்திருக்கிறது. இன்னும் படிக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் அவர்களை அமைதியாகக் கணக்கிலிருந்து இறக்கிவிடுகிறோம். கோடு அசையாது, அவர்கள் விலகவில்லையே. ஆனால் இனிமேல் வகுக்கும் எண் சிறுத்துவிடும். ஐந்தாம் மாத முடிவில் ஒருவர் விலகும்போது கணக்கில் இருப்பவர் ஆறு பேர்தான். ஆறில் ஐந்து பேர் தாண்டினார்கள். 90ஐ ஆறில் ஐந்தால் பெருக்கினால் 75.

பிப்ரவரியில் சேர்ந்த ஒருவருக்கு ஆறு மாதம் முடிகிறது. அவரையும் அதேபோல் இறக்கிவிடுகிறோம். மிஞ்சியவர் நால்வர். எட்டாம் மாதத்தில் அவர்களில் ஒருவர் விலகினார். 75ஐ நான்கில் மூன்றால் பெருக்கினால் 56.25. எஞ்சிய மூவரும் பத்து மாதம் முடித்து இன்னும் படிக்கிறார்கள். கோடு அங்கே நின்றுவிடுகிறது.

9/10 × 5/6 × 3/4 = 0.5625

ஆக, பத்து மாதம் தங்குவோர் சுமார் 56 விழுக்காடு. "பத்தில் ஏழு பேர் இருக்கிறார்களே, எழுபது" என்று முதலில் சொன்னோம் அல்லவா? மே மாதத்தில் வந்தவர்கள் ஐந்தாம் மாதத்தையும் எட்டாம் மாதத்தையும் இன்னும் சந்திக்கவே இல்லை. சந்திக்காத ஆபத்தைத் தாண்டிவிட்டதாக அவர்களுக்கு மதிப்பெண் கொடுத்ததால் வந்த எழுபது அது.

இனிக் கூடாரத்துக் கோட்டை அதே தாளில் வேறு வண்ணத்தில் வரையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள் என்பதால் இது சுலபம். இலவச மாதம் முடிந்ததும் நால்வர் போய்விட்டார்கள். கோடு நேராக 60க்கு விழுகிறது. இரண்டாம் மாதம் ஒருவர் போக, 50. ஆறாம் மாதம் ஒருவர் போக, 40. அதன்பின் பத்தாம் மாதம்வரை தட்டையாகவே போகிறது. வாட்ஸ்அப் கோடு மிகக் குட்டையானது. முதல் மாதத்தில் இருவர் விலக, 80க்கு வந்து இரண்டாம் மாதத்தோடு முடிகிறது. அதே இரண்டாம் மாதத்தில் கிள்ளான் கோடு 90இல் இருக்கிறது. முதலிடம் என்று தோன்றிய வாட்ஸ்அப், ஒரே வயதில் ஒப்பிட்டால் கிள்ளானுக்குக் கீழே. மூன்றாம் மாதத்தில் அது எங்கே இருக்கும்? யாரும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆகவே கோட்டை நீட்டி வரையக்கூடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கோட்டின் முடிவைவிட அதன் வடிவம். கூடாரத்துக் கோட்டை மறுபடி பாருங்கள். இழப்பின் பெரும்பகுதி ஒரே படியில் நடந்துவிட்டது. முதல் மாதத்தைத் தாண்டிய ஆறு பேரில் நால்வர் பத்தாம் மாதத்திலும் இருக்கிறார்கள். அதாவது 67 விழுக்காடு. கிள்ளானில் முதல் மாதத்தைத் தாண்டியவர்களுக்கு இதே எண் 56தான். அப்படியென்றால் கூடாரத்து வாசகர்கள் மோசமானவர்கள் என்று எப்படிச் சொல்வது? இலவசத்துக்காகக் கைநீட்டியவர்கள் முதல் மாதத்திலேயே கழன்றுகொண்டார்கள், உண்மையான வாசகர்கள் மிஞ்சினார்கள் என்றும் இதைப் படிக்கலாம். குற்றவாளி கூடாரமா, இலவச மாதமா என்பதை இந்தக் கோடு தனியாகச் சொல்லாது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

பத்துப் பேர் மிகக் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. கிள்ளான் கோட்டில் எட்டாம் மாதத்தில் ஒரே ஒருவர் விலகியதற்குக் கோடு 75இலிருந்து 56க்கு இறங்கியது. வலப்பக்க ஓரத்தில் ஆள் குறையக் குறையப் படிகள் பெரிதாகும். அங்கே தெரியும் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுவதும், சமதளத்தைப் பார்த்து மகிழ்வதும் அவசரம். இரண்டு கோடுகளின் வேறுபாடு தற்செயலா இல்லையா என்று பார்க்க நேதன் மேன்டல் 1966இல் ஒரு வழி சொன்னார். வழிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் கூடாரமும் கிள்ளானும் சேர்ந்து இருபது பேர், விலகியவர் நால்வர். வேறுபாடு இல்லையென்றால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் விலகியிருக்க வேண்டும். நடந்ததோ நான்கும் பூஜ்யமும். இப்படி ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் கூட்டிக்கொண்டே போய், இடைவெளி தற்செயலுக்கு மிஞ்சியதா என்று பார்ப்பார்கள்.

இந்த முறை முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. கணக்கிலிருந்து இறக்கிவிட்டவர்கள், இருப்பவர்களைப் போன்றவர்களே என்பது அந்த நம்பிக்கை. மே மாதத்தில் சேர்ந்ததால் இறக்கியவருக்கு இது பொருந்தும். வீடு மாறி, இதழ் திரும்பி வந்து, தொடர்பு அறுந்துபோனவரையும் 'கதை முடியாதவர்' பட்டியலில் போட்டால் பொருந்தாது. அவர் பெரும்பாலும் விலகியவர்தான். கோடு பொய்யாக உயர்ந்து நிற்கும். கைபேசி முன்கட்டண அட்டையில் இது இன்னும் கடினம். அங்கே யாரும் "நான் விலகுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை; பணம் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான். எத்தனை நாள் ஏற்றாவிட்டால் விலகியதாக எண்ணுவது என்பதை முன்பே முடிவு செய்து, எல்லா வழிக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடாரமா இலவசமா என்ற கேள்விக்கு வருவோம். அடுத்த தீபாவளிக்கு அதே துன் சம்பந்தன் சாலையில், வருபவர்கள் சீட்டு எடுக்கட்டும். ஒற்றைப்படை எண் வந்தவருக்கு முதல் மாதம் இலவசம்; இரட்டைப்படை எண் வந்தவர் முதல் மாதமே கட்டிச் சேரட்டும். சீட்டு எடுத்து ஏமாந்து, சேராமலே போனவர்களையும் எண்ணி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைப்படைப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் மட்டும் மிஞ்சி, அந்தக் கோடு தானாகவே அழகாகத் தெரியும். பிறகு இரண்டு படிக்கட்டுகளை வரையலாம். முழுக் கோட்டுக்கு மறுபடி பத்து மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய முதல் படி வருகிறதா, இல்லையா என்பது நவம்பர் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.