கார் ஆடியோவில் குரல் தெளிவாகக் கேட்க

காரோடு வரும் ஆடியோவில் முன்கதவு ஸ்பீக்கர்கள் முழங்காலுக்குக் கீழே, காலைப் பார்த்தபடி இருக்கும். தாழ்ந்த ஒலி எப்படியும் வளைந்து நெளிந்து காதுக்கு வந்துவிடும். செய்தி வாசிப்பவர் சொன்னது ‘பத்து’வா ‘பட்டு’வா என்று பிரித்துக் காட்டும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அப்படியல்ல, காலிலும் சீட்டிலும் பட்டுப் பெருமளவு அடங்கிப்போகிறது. குரல் மங்குவது இதனால்தான். சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

சரிசெய்யும்போது முதலில் எல்லா அளவுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். போனில் தனியாக ஈக்வலைசர் ஓடினால் அதையும் அணைத்துவிட வேண்டும். இரண்டு இடங்களில் திருத்தினால் கோளாறு எங்கே என்று தெரியாது. பிறகு வண்டியை நிறுத்திவைத்து, நன்றாகப் பழகிய ஒரு பாட்டை ஓடவிடலாம்.

ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டு தோளுக்குப் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றியதும் ஒரு படி முன்னே போய் நிறுத்தினால் போதும். பின்சீட்டில் ஆள் இருந்தால் நடுவில் வைப்பதே நியாயம்.

இந்தியக் கார்களில் ஓட்டுநருக்கு வலது ஸ்பீக்கர் பக்கம், இடது தூரம். அதனால் பேலன்ஸை ஓரிரு படி இடப்பக்கம் நகர்த்தினால் இரண்டின் சத்தமும் சமமாகும். ஆனால் வலது ஸ்பீக்கரின் ஒலி முந்தி வருவதைப் பேலன்ஸால் மாற்ற முடியாது. எனவே பாடகர் குரல் கச்சிதமாக நடுவுக்கு வராது. அதற்காக மேலும் நகர்த்தினால் பக்கத்துச் சீட்டுக்காரர் காதுதான் வலிக்கும்.

ஈக்வலைசர் கடைசியில்தான். பலரும் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் +4, +5 என்று ஏற்றிவைக்கிறார்கள். நடுவிலுள்ள குரல் அமுங்கிவிடுகிறது. பேஸை -2க்கு இறக்கி, மிட்டை +1 ஆக்கி, ட்ரெபிளைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தால் குரல் மேலே வரும். ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறினால் ட்ரெபிளை ஒரு படி குறைக்கலாம். ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது என்பதற்குக் காரணம் உண்டு: 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் 4 மடங்கு சக்தி தர வேண்டும். காரோடு வரும் சிறிய ஆம்ப்ளிஃபயர் திணறி, ஒலி கரகரக்கும்.

ஓட்டும்போது டயரின் இரைச்சல் பேஸை விழுங்கும். தேவையானால் அதை ஒரு படி கூட்டலாம். அந்தத் திருத்தத்தை வண்டி நின்ற பிறகே செய்ய வேண்டும்.

எதைத் திருகினாலும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் அதிர்வு கேட்டால், ஃபேடரையும் பேலன்ஸையும் மூலைக்கு மூலை தள்ளி எந்தக் கதவு என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் கதவின் உள்பலகையை உள்ளங்கையால் அழுத்தும்போது அதிர்வு நின்றால் தளர்ந்திருப்பது பலகை அல்லது கிளிப்; நிற்காவிட்டால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கலாம்.