படுத்தாலும் போகாத இடுப்பு வலி

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் பாறசாலை இருக்கிறது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கத்தில் மலையாளம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் கலந்து வாழ்கிறார்கள். முன்பு இங்கே நிறைய நெல்வயல்கள் இருந்தன. இப்போது பல வயல்களில் வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன. ஆனாலும் சில ஏலாக்களில் இன்னும் நெல் விளைகிறது.

அப்படி ஒரு ஏலாவின் கரையில் ஒரு விவசாயியின் வீடு. அவருக்கு வயது 46. சொந்தமாகக் கொஞ்சம் வயல் உண்டு. மற்றவர் வயலிலும் வரப்பு வெட்டுவார், நாற்றுமுடி சுமப்பார். அவருக்கு இடுப்பு வலி வந்தது.

அந்த வார்டின் ஆஷா பணியாளர் மாதந்தோறும் வீடு வீடாகப் போவார். விவசாயி அவரிடம் வலியைச் சொன்னார்.

"கும்பப்பூ நடவு முடிந்ததில் இருந்து இடுப்பு நோவுது, தங்கச்சி."

"குனிந்து குனிந்து வேலை செய்தால் நோகாதா, அண்ணாச்சி? வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. பாரம் தூக்காதீங்க. ஆனால் படுத்தே கிடக்காதீங்க. மெல்ல நடங்க."

ஆஷா சொன்னது சரியான யோசனைதான். வயல் வேலையில் நாள் முழுவதும் இடுப்பு வளைந்தே இருக்கிறது. அதனால் தசையும் தசைநாரும் இழுபட்டு வலிக்கும். வயலில் வேலை செய்கிற பலருக்கு வருவது இந்த வலிதான். குனிந்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும்.

ஆனால் இந்த வலி ஆறவில்லை.

தீராத புதிர்

இரண்டு மாதம் ஆயிற்று. விவசாயி தைலம் தேய்த்தார், கிழி வைத்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார். "எலும்பில் ஒன்றும் இல்லை" என்றார்கள். பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்னத் தொடங்கினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

ஆஷா யோசித்தார். எலிக்காய்ச்சலாக இருக்குமோ? வயல் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அது வரும். இடுப்பும் கெண்டைக்காலும் கடுமையாக வலிக்கும். ஆனால் எலிக்காய்ச்சல் திடீரென்று கடும் காய்ச்சலோடு வருவது. இப்படி மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இழுக்காது.

சிறுநீரகக் கல்லாக இருக்குமோ? கல் வலி அலை அலையாக வரும். ஆளைப் புரட்டி எடுக்கும், பிறகு விட்டுவிடும். இவருடைய வலி விடுவதே இல்லை.

ஆஷா திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கத் தொடங்கினார்.

"ராத்திரி படுத்தால் வலி குறையுமா, அண்ணாச்சி?"

"இல்லை, தங்கச்சி. படுத்தாலும் நோவுது. சில நாள் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்."

ஆஷாவின் முகம் மாறியது. வேலையால் வருகிற வலிக்குப் படுக்கை மருந்து. படுத்தாலும் குறையாத வலி வேறு வகை.

"சாப்பாடு எப்படி?"

விவசாயியின் மனைவி பதில் சொன்னார். "முன்னே போல இல்லை. கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுவார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது."

"காய்ச்சல் உண்டா, மைனி?"

"காய்ச்சல் இல்லை. ஆனால் ராத்திரி வியர்த்துப் பாய் நனையும்."

மாத்திரை மறைத்த காய்ச்சல்

ஆஷா தன் நோட்டைப் புரட்டினார். முந்தைய ஆண்டு நடந்த மருத்துவ முகாமில் அவர் எடை 61 கிலோ. இப்போது அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்தார்கள். 54 கிலோ! சாப்பாட்டைக் குறைக்க நினைக்காத ஒருவருக்கு 7 கிலோ போயிருக்கிறது.

வெப்பமானி வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பல வலி மாத்திரைகள் காய்ச்சலையும் குறைத்துவிடும். மாத்திரை தின்றவருக்கு வெப்பமானி வைத்தால் உண்மை தெரியாது.

"இரண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்தி வையுங்க, அண்ணாச்சி. வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதும்."

இரண்டாம் நாள் சாயங்காலம் மறுபடி பார்த்தார். 100.6 டிகிரி. மாலைக் காய்ச்சல்!

விவசாயியின் மனைவி இன்னொன்றும் சொன்னார். "தைலம் தேய்க்கும்போது முதுகின் நடு எலும்பில் ஒரு இடம் சின்னதாகப் புடைத்திருக்கிறது. அங்கே விரல் பட்டாலே துடிக்கிறார்."

இனி வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று ஆஷா முடிவு செய்தார். மறுநாளே குடும்ப சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனார். தான் கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தார்.

எலும்பிலும் காசநோய்

டாக்டர் தாளைப் படித்தார். முதுகைத் தொட்டுப் பார்த்தார். "முதுகெலும்பில் காசநோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்" என்றார்.

விவசாயி திடுக்கிட்டார். "டி.பி.யா? எனக்கு இருமலே இல்லையே!"

பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். காசநோய்க் கிருமி பெரும்பாலும் நுரையீரலைத்தான் தாக்குகிறது. ஆனால் அது இரத்தத்தில் கலந்து வேறு இடங்களுக்கும் போகும். எலும்புகளில் அது அதிகமாகத் தங்குகிற இடம் முதுகெலும்பு. அப்போது இருமலோ சளியோ இல்லாமலும் நோய் இருக்கும்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. செங்கல் அடுக்கியது போலப் பல எலும்புகள் அடுக்கியிருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. கிருமி எலும்பை மெல்ல அரிக்கிறது. நடுவில் உள்ள வட்டும் கெடுகிறது. எலும்பு முன்பக்கமாக நசுங்குகிறது. அதனால்தான் பின்பக்கம் புடைப்பு வருகிறது. எலும்புக்குப் பின்னால் நரம்புகள் ஓடுகின்றன. சீழோ உடைந்த எலும்போ நரம்பை அழுத்தினால் கால் செயலிழந்து போகும்.

"முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை?" என்று ஆஷா கேட்டார்.

"எலும்பு நன்றாக அரிக்கப்பட்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாக இருப்பது போலவே தோன்றும்" என்றார் டாக்டர்.

புதிய எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறுகியிருந்தது. அவரைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து எலும்புகள் இரண்டும், நடுவில் உள்ள வட்டும் கெட்டிருந்தன. பக்கத்துத் தசையில் சீழ் கட்டியிருந்தது. படம் மட்டும் போதாது. புற்றுநோயும் வேறு கிருமிகளும்கூட எலும்பை அரிக்கும். அதனால் ஊசி போட்டுச் சீழ் எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானது. முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் அந்தக் கிருமியைக் கொல்லும் என்பதும் அதே சோதனையில் தெரிந்தது.

படுக்கை வேண்டாம், மருந்து வேண்டும்

"ஒரு வருஷம் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார்களா?" என்று விவசாயி கேட்டார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்தியம் செய்தார்கள்.

அந்தப் பழக்கத்தை மாற்றிய ஆய்வுகளில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் அங்கே காசநோய்க்கான ஆய்வு மையம் தொடங்கியது. நுரையீரல் காசநோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று அந்த மையம் 1959இல் காட்டியது. பிறகு முதுகெலும்புக் காசநோய் பற்றிச் சென்னையிலும் கொரியாவிலும் ஆய்வுகள் நடந்தன. நோயைக் குணப்படுத்துவது மருந்துதான், மாதக் கணக்கில் படுப்பது அல்ல என்று தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. நரம்பு அழுந்தியவர்களுக்கும் எலும்பு மிகவும் சாய்ந்தவர்களுக்கும் தேவைப்படலாம்.

விவசாயிக்கு மருந்து தொடங்கியது. முதல் 2 மாதம் நான்கு வகை மருந்து. பிறகு 10 மாதம் மூன்று வகை மருந்து. மொத்தம் 12 மாதம். எல்லாம் அரசு இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பரில் இது 500 ரூபாயில் இருந்து உயர்த்தப்பட்டது. இடுப்பைத் தாங்க ஒரு பெல்ட்டும் கொடுத்தார்கள்.

முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. விவசாயி பயந்தார். ஆஷா விளக்கினார். "அது மருந்தின் நிறம், அண்ணாச்சி. பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே சொல்லணும். கால் மரத்தாலோ, நடக்கும்போது தடுமாறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவருடைய நுரையீரலில் நோய் இல்லை. அதனால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவாது. தட்டும் பாயும் தனியாக வைக்கத் தேவையில்லை. ஆனாலும் வீட்டில் வேறு யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்று எல்லோரையும் சோதித்தார்கள். யாருக்கும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் மாலைக் காய்ச்சல் நின்றது. நான்காம் மாதத்தில் எடை 58 கிலோ ஆயிற்று. வலியும் பெரும்பாலும் போய்விட்டது.

"இனி எதுக்கு மாத்திரை, தங்கச்சி?" என்றார் விவசாயி.

"வலிதான் போயிருக்கு. கிருமி எலும்புக்குள் ஒளிந்திருக்கும். இப்போது நிறுத்தினால் அது மறுபடி கிளம்பும். அப்புறம் இதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம்."

விவசாயி 12 மாதமும் சாப்பிட்டார். மறுபடி எடுத்த படத்தைப் பார்த்த பிறகே டாக்டர் மருந்தை நிறுத்தினார். முதுகில் இருந்த சின்னப் புடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நசுங்கிய எலும்பு பழையபடி நிமிராது. அவர் இப்போது வயலுக்குப் போகிறார். நாற்றுமுடிச் சுமையை மட்டும் மகன் சுமக்கிறான்.

நினைவில் வையுங்கள்

எல்லா இடுப்பு வலியும் காசநோய் அல்ல. ஆனால் வலி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, அதோடு கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

1. படுத்தாலும் குறையாத வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி.
2. மாலைக் காய்ச்சல் அல்லது இரவு வியர்வை.
3. காரணமில்லாமல் எடை குறைவது.
4. முதுகெலும்பில் ஓர் இடத்தில் புடைப்பு, தொட்டால் வலி.

கால் பலவீனமோ மரத்துப்போவதோ இருந்தால் ஆறு வாரம் பொறுக்க வேண்டாம். உடனே போக வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. விவசாயிக்குக் காய்ச்சல் இருந்தும் முதலில் ஏன் தெரியவில்லை?
2. எலிக்காய்ச்சல் இல்லை என்று ஆஷா எப்படி நினைத்தார்?
3. வலி போன பிறகும் மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது?
4. உங்கள் ஊரில் மாதக் கணக்கில் வலி மாத்திரை தின்கிறவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?