நள்ளிரவு 2:12-க்கு வந்த செய்தி

மணி 2:12. ஆன்-கால் பணியில் இருப்பவர்களின் சாட் குழுவில் இப்படி ஒரு உரையாடல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

"மச்சி, டிபி ஸ்லோவா இருக்கு போல, யாராச்சும் பாருங்க."
"ஆமா, எனக்கும் எரர் வருது."
"காலைல டிப்ளாய் பண்ணதால இருக்குமோ?"
"பாக்குறேன்."

நண்பர்களுக்குள் இது போதும். ஆனால் போன் அடித்துத் தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் மேலாளருக்கு இதில் எதுவும் புரியாது. யாருக்கு என்ன நின்றுபோனது? எப்போதிலிருந்து? "பாக்குறேன்" என்றவர் எட்டிப் பார்க்கிறாரா, பொறுப்பையே ஏற்றுக்கொண்டாரா? இந்த ஒரு சொல்லை நம்பி மற்றவர்கள் மறுபடி படுத்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

அதே நிலவரத்தை மேலே அனுப்பும்போது இப்படி எழுத வேண்டும்:

"பணம் கட்டும் பக்கம் 10-க்கு 4 முறை தோற்கிறது; பொருட்களைப் பார்ப்பதில் சிக்கல் இல்லை. தொடக்கம் 2:05, இந்திய நேரம். டேட்டாபேஸ் இணைப்புகள் 100-ம் நிரம்பிவிட்டன, காரணம் உறுதியாகவில்லை. பொறுப்பு: கவிதா. டேட்டாபேஸ் நிர்வாகி உடனே தேவை. அடுத்த தகவல் 2:35-க்கு."

முதல் வரியில் டேட்டாபேஸ் இல்லை, வாடிக்கையாளர் இருக்கிறார். யாரை எழுப்புவது என்பதை அந்த வரிதான் முடிவு செய்கிறது. எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று தெரியாவிட்டால் "எண்ணிக்கை தெரியவில்லை" என்று எழுதுவதே சரி. காரணம் கிடைக்கட்டும் என்று செய்தியை நிறுத்திவைக்கக் கூடாது.

நேரம்தான் பலரும் சறுக்கும் இடம். அலர்ட் வந்த 2:12 வேறு, கோளாறு தொடங்கிய 2:05 வேறு. பல சர்வர்களின் லாக் யூ.டி.சி. நேரத்தில் பதிவாகும், அது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. எனவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் லாக்கில் இந்த வரி முந்தைய தேதியில், 20:35 என்ற நேரத்தோடு நிற்கும்:

```
FATAL: sorry, too many clients already
```

அதை அப்படியே நகலெடுத்து "8:35 முதல்" என்று எழுதினால் எல்லோரும் மாலை லாக்கைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். 2:05 என்று சரியாகத் தெரிந்ததும் காலை டிப்ளாய் மீதான சந்தேகம் பெருமளவு தளர்கிறது; அது காரணமென்றால் பகல் முழுக்க எப்படி ஓடியது? தினமும் 2:00-க்குத் தொடங்கும் ரிப்போர்ட் வேலை மீது கண் போகிறது. அது திறந்த இணைப்புகளை மூடாமல் குவித்திருக்கிறது. அந்த டேட்டாபேஸின் இயல்பான வரம்பே 100 இணைப்புகள்தான்.

பொறுப்பு என்ற இடத்தில் "பேக்எண்ட் டீம்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். அங்கே ஒரே ஒரு பெயர் வேண்டும். கைமாற்றினால் வாங்கியவர், "நான் ஏற்கிறேன்" என்று எழுதும்வரை பழைய பெயரே நிற்க வேண்டும்.

2:35-க்குக் கவிதா சொன்னபடி எழுதுகிறார்: "ரிப்போர்ட் வேலையை நிறுத்தினோம். 2:31 முதல் பணம் கட்டுவது சீராகியுள்ளது. 3:00 வரை கண்காணிக்கிறேன்."