இரண்டு வலையமைப்பு, ஒரே முகவரி

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடில் புதிதாகக் கணக்கு தொடங்கினால், ஒரு வலையமைப்பு தயாராகவே காத்திருக்கும். டிஃபால்ட் வி.பி.சி. என்று அதற்குப் பெயர். எதையும் தேர்ந்தெடுக்காமலே சர்வரை ஏற்றி வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் அந்த வலையமைப்பின் முகவரி வரம்பு எல்லாக் கணக்குக்கும் ஒன்றேதான்: 172.31.0.0/16. அதாவது 172.31.0.0 முதல் 172.31.255.255 வரை 65,536 முகவரிகள்.

இதில் தவறு எதுவும் இல்லை. இணையத்துக்கு வெளியே தெரியாமல், அவரவர் வளாகத்துக்குள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-லேயே மூன்று முகவரி வரம்புகளை ஒதுக்கிவிட்டார்கள். 172.31 அவற்றுள் ஒன்றில் அடங்கும். 10-இல் தொடங்கும் எண்களும் 192.168-இல் தொடங்கும் எண்களும் மற்ற இரண்டு. தனித்தனியாக இருக்கும்வரை, இரண்டு நிறுவனங்கள் ஒரே எண்களை வைத்திருப்பதால் யாருக்கும் தொல்லையில்லை.

இரண்டையும் இணைக்கும்போதுதான் சிக்கல். கடைகளின் விற்பனை மென்பொருளை ஒரு கணக்கில் வைத்திருக்கும் நிறுவனம், இன்னொரு சிறு நிறுவனத்தை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு நிறுவனத்தின் சம்பளக் கணக்கு வேறொரு கணக்கில் ஓடுகிறது. இரண்டுமே டிஃபால்ட் வி.பி.சி. இரண்டையும் நேரடியாகப் பேசவைக்க, பியரிங் கோரிக்கை அனுப்புகிறார்கள். சற்று நேரத்தில் திரையில் `Failed` என்று வருகிறது. வி.பி.சி. எண் தவறாக இருக்கலாம், கணக்கு எண் தவறாக இருக்கலாம், முகவரி வரம்புகள் மோதலாம் என்று மூன்று காரணங்களையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பார்ப்பவர் முதல் இரண்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்து நேரத்தைத் தொலைப்பார். அதைவிட, இரு கணக்குகளிலும் இந்தக் கட்டளையை ஓட்டி, வரும் வரம்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது:

```
aws ec2 describe-vpcs \
  --query "Vpcs[].[VpcId,CidrBlockAssociationSet[].CidrBlock]"
```

ஏன் மறுக்கிறது? ஒவ்வொரு வி.பி.சி.யிலும் எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட் டேபிள் இருக்கிறது. அதில், 172.31.0.0/16-க்கு எதிரே `local` என்று ஒரு வரி தானாகவே இருக்கும். விற்பனை சர்வர், 172.31.20.15-இல் உள்ள சம்பள டேட்டாபேஸைத் தேடுகிறது என்றால், அந்த எண் நம் வளாகத்துக்குள்தான் என்று அந்த வரி சொல்லிவிடும். தகவல் வெளியே போகவே போகாது. இரண்டு அலுவலகங்களிலும் இன்டர்காம் எண் 205 இருந்தால், 205-ஐ அழுத்துகிறவருக்கு அடுத்த அலுவலகத்து ஆள் கிடைக்க மாட்டார். அதே கதைதான். இங்கே அமேசான் கெடுபிடி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. இணைப்பை அனுமதித்திருந்தால், தகவல் தவறான இயந்திரத்துக்குப் போய், ஏன் என்று தெரியாமல் நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

கொஞ்சம்தான் மோதுகிறது என்றாலும் விடமாட்டார்கள். ஒருபக்கம் 172.31.0.0/16, மறுபக்கம் 172.31.64.0/20 என்றால், பின்னதன் 4,096 முகவரிகளும் முன்னதற்குள் விழுகின்றன. பியரிங் நடக்காது. புதிதாக மோதாத இன்னொரு வரம்பைச் சேர்த்துவிட்டால் போதுமே என்று பலர் முயல்வார்கள். அதுவும் பலிக்காது. பழைய வரம்பு மோதும்வரை, புதியதை மட்டும் பயன்படுத்துவோம் என்றாலும் கோரிக்கை தோற்கும். முதலில் கொடுத்த வரம்பை மாற்றவும் வழியில்லை.

இனி என்ன செய்வது என்பது, எவ்வளவு பேச வேண்டும் என்பதைப் பொறுத்தது. விற்பனை மென்பொருளுக்குச் சம்பளக் கணக்கின் ஒரே ஒரு சேவை போதும் என்றால் பிரைவேட்லிங்க் இருக்கிறது. அந்தச் சேவைக்கு விற்பனை வலையமைப்புக்குள்ளேயே ஒரு முகவரி கிடைத்துவிடும், அதனால் வரம்புகள் மோதினாலும் பரவாயில்லை. ஆனால் தொடர்பைத் தொடங்குவது விற்பனைப் பக்கமாக மட்டுமே இருக்க முடியும்.

இருபுறமும் எல்லாம் பேச வேண்டுமென்றால், ஒன்றை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். சர்வர்கள் குறைவாக உள்ள பக்கத்தை மாற்றுவது சுலபம். 10.20.0.0/16 போல, அலுவலக வி.பி.என்.-இலும் யாரும் பயன்படுத்தாத வரம்பில் புதிய வி.பி.சி. அமைக்க வேண்டும். ஓடும் சர்வரை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது. இமேஜ் எடுத்து, புதிய இடத்தில் மறுபடி ஏற்ற வேண்டும். முகவரி மாறும் என்பதால், கான்ஃபிக் ஃபைல்களில் 172.31 என்று நேரடியாக எழுதிவைத்த இடங்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் பெயரை இடுவதே இந்த வேலையில் அதிக நேரம் தின்னும் பகுதி.

அதன்பின் பியரிங் கோரிக்கையை அனுப்பினால் `Pending acceptance` என்று நிற்கும். மறுபக்கம் ஏற்றதும் `Active` ஆகும். அப்போதும் தகவல் ஓடாது. இரண்டு ரூட் டேபிள்களிலும் எதிர்ப்பக்க வரம்புக்கு ஒரு வரி சேர்த்து, செக்யூரிட்டி குரூப்பில் டேட்டாபேஸ் போர்ட்டையும் திறந்த பிறகே விற்பனை சர்வருக்குச் சம்பளக் கணக்கு பதில் சொல்லும்.