சாணும் நூலும்

விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ள நீளம் ஒரு சாண். 14 செ.மீ. சாண் உள்ள குழந்தைக்கு வகுப்பறை மேசை 6 சாண், 21 செ.மீ. சாண் உள்ள ஆசிரியருக்கு அதே மேசை 4 சாண்தான். இரண்டும் சரியான அளவுகளே. சுண்டுவிரல் நின்ற இடத்திலேயே அடுத்த சாணின் கட்டைவிரல் தொடங்க வேண்டும். இடைவெளி விழுந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும்.

குடத்தின் சுற்றளவுக்கு நூல் தேவை. சணல் நூலே நல்லது, இழுத்தால் நீளும் நூல் அளவைக் கெடுக்கும். நூலைக் குடத்தைச் சுற்றிப் பிடித்து, முனை சேருமிடத்தில் குறியிட்டு, தரையில் நீட்டிச் சாணால் எண்ணலாம்.

பதிவுத்தாளில் நான்கு கட்டங்கள் போதும்: பொருள், அளந்தவர், ஊகம், அளவு. அளந்தவர் பெயர் இல்லாவிட்டால் 6, 4 இரண்டில் ஒன்று பிழையாகத் தோன்றும். ஊகத்தை அளப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மிச்சம் இருந்தால், ‘6 சாணுக்கு மேல், 7 சாணுக்குள்’ என்று குறிக்கலாம்.